கீசருக்குள் இருக்கும் ஆனோடு ராடும் அடியில் சேரும் உப்பும்: பார்ப்பது எப்படி, சுத்தம் செய்வது எப்படி

போர் தண்ணீர் வரும் வீட்டில் கீசர் மூன்று, நான்கு வருடத்தில் ஒழுக ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "உப்புத் தண்ணி சார், டேங்க் அரிச்சிடுச்சு. புதுசு வாங்கிடுங்க." உப்புத் தண்ணீர் காரணம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் டேங்கை அரிக்காமல் இருப்பதற்கென்றே ஆனோடு ராடு என்ற ஒரு மெக்னீசியம் கம்பியை உள்ளே வைத்துத்தான் கீசரை விற்கிறார்கள். அந்தக் கம்பி கரைந்து தீர்ந்த பிறகும் யாரும் திறந்து பார்க்காததால்தான் டேங்க் ஓட்டை விழுகிறது. சில நூறு ரூபாய் கம்பியை மாற்றாமல் விட்டு, சில ஆயிரம் ரூபாய் கீசரைத் தூக்கிப்போடுகிறோம்.

இங்கே எழுதுவது சுவரில் நெடுக்காக மாட்டும், 15 அல்லது 25 லிட்டர் பிடிக்கும் மின்சார கீசரைப் பற்றி. இரும்புத் தகட்டில் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு கொடுத்த டேங்க் உள்ள வகை அது. வாங்கும்போது 'கிளாஸ் லைன்' என்று சொல்லியிருப்பார்கள். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கும் கேஸ் கீசருக்கும் இது பொருந்தாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் உள்ள சில மாடல்களில் ஆனோடு ராடே இருக்காது. அதனால் முதலில் உங்கள் கீசரோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்து, எந்த டேங்க், ராடு உண்டா என்று பாருங்கள். கீழ் மூடியை நீங்களே கழற்றினால் வாரண்டி போய்விடுமா என்பதும் அதிலேயே இருக்கும். வாரண்டி காலம் முடியாவிட்டால் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். யூடியூபில் தேடினால், ஆள் உயர டேங்கின் அடியில் இருக்கும் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்துவிட்டு, பத்து நிமிடத்தில் வேலையை முடிக்கும் வீடியோக்கள்தான் நிறைய வரும். அவை பெரும்பாலும் அமெரிக்க வீடுகளில் தரையில் நிற்கும் 150, 200 லிட்டர் ஹீட்டர்கள். அவற்றில் தண்ணீர் வெளியேற்றத் தனிக் குழாய் உண்டு, ராடும் மேலிருந்து கழலும். நம் வீட்டுக் கீசரில் பெரும்பாலும் அந்தக் குழாய் கிடையாது, ராடு கீழே இருக்கிறது. வேலையின் வரிசையே வேறு.

உள்ளே என்ன இருக்கிறது

கீசரின் அடியில் இரண்டு குழாய் முனைகள் தெரியும். நீல வளையம் உள்ளதில் பச்சைத் தண்ணீர் உள்ளே போகிறது, சிவப்பு வளையம் உள்ளதில் வெந்நீர் வெளியே வருகிறது. உள்ளே போகும் குழாய் டேங்கின் அடியிலேயே முடிந்துவிடும். வெளியே வரும் குழாய் மட்டும் உள்ளுக்குள் டேங்கின் உச்சி வரை நீண்டிருக்கும், ஏனென்றால் சூடான தண்ணீர் மேலேதான் நிற்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அடியில் நுழையும் பச்சைத் தண்ணீர் மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் படிகள் எல்லாமே புரியும். வெந்நீர் மேலிருந்து எடுக்கப்படுவதால், அடியில் சேரும் உப்பு தானாக வெளியே வர வழியே இல்லை.

நீல முனையில் ஒரு சிறு பித்தளை வால்வு மாட்டியிருப்பார்கள். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பதும், உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்து வெளியேற்றுவதும் அதன் வேலை. அதைச் சேஃப்டி வால்வு என்பார்கள். கீசர் சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் விரிகிறது. திரும்பிப் போக வழியில்லாத அந்தத் தண்ணீர் வால்வின் சிறு துளை வழியாகச் சொட்டுகிறது. சொட்டுவது தொந்தரவாக இருக்கிறது என்று அந்தத் துளையை எம்-சீல் போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிக்கும் நாளில் டேங்க் வெடிக்காமல் காப்பது அந்தத் துளைதான்.

நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், வட்டமான ஒரு தகடு ஐந்தாறு நட்டுகளில் இறுக்கப்பட்டிருக்கும். இதை ஃபிளான்ஜ் என்பார்கள். தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் இதில்தான் இருக்கிறது, நம் எலக்ட்ரீஷியன்கள் காயில் என்று சொல்வது அதையே. தெர்மோஸ்டாட் நுழையும் மெல்லிய குழாயும் இதில்தான், பெரும்பாலான மாடல்களில் ஆனோடு ராடும் இதிலேயே. ஃபிளான்ஜை ஒரு முறை இறக்கினால் மூன்றையும் பார்த்துவிடலாம், டேங்கின் அடியில் சேர்ந்த உப்பையும் வாரிவிடலாம். ராடு பார்ப்பதையும் உப்பு எடுப்பதையும் ஒரே நாளில் செய்யச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ராடு என்ன செய்கிறது

கண்ணாடிப் பூச்சு எவ்வளவு நன்றாகக் கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கத்தான் செய்யும். வெல்டிங் ஓரங்களிலும் குழாய் முனைகளைச் சுற்றியும் பூச்சு மெலிந்திருக்கும். அந்த இடங்களில் இரும்பு நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. துருப்பிடிப்பது என்றால் இரும்பு தன் எலக்ட்ரான்களை இழந்து தண்ணீரில் கரைவதுதான். இரும்போடு மெக்னீசியத்தை உலோகத் தொடர்பில் வைத்து, இரண்டையும் ஒரே தண்ணீரில் முக்கினால், மெக்னீசியம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். அவை கம்பியிலிருந்து டேங்கின் தகட்டுக்குப் பாய்கின்றன. மெக்னீசியம் கரைகிறது, இரும்பு அப்படியே நிற்கிறது.

இந்த வித்தை இருநூறு வருடம் பழையது. 1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்திருந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிப்பதைத் தடுக்க, அதோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்து வைத்தார். செம்பு அரிப்பது நின்றது. இன்றைக்கும் கப்பல்கள், மண்ணுக்குள் போகும் குழாய்கள், நம் கீசர் எல்லாவற்றிலும் வேலை செய்வது அதே தத்துவம்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. ராடு கரைவது பழுது ஆகாது, கரைவதற்காகத்தான் அது இருக்கிறது. இரண்டாவது, தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாயும், ராடும் வேகமாகக் கரையும். நல்ல ஆற்றுத் தண்ணீரில் மூன்றிலிருந்து ஐந்து வருடம் தாங்கும் ராடு, உப்பு மிகுந்த போர் தண்ணீரில் ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடிந்துவிடலாம். சாஃப்ட்னர் வைத்த வீடுகளிலும் ராடு சீக்கிரம் கரையும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறதே தவிர, தண்ணீரில் உள்ள உப்பின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ராடுக்கும் டேங்கின் இரும்புக்கும் உலோகத் தொடர்பு அறுந்துவிட்டால், உள்ளே எவ்வளவு பெரிய ராடு இருந்தாலும் பயன் இல்லை.

அடியில் சேர்வது என்ன

கடினத் தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடாக்கினால் அது கார்பனேட்டாக மாறிப் பிரிந்து படிகிறது. அதுதான் எலிமென்டில் வெள்ளை ஓடாகவும், டேங்கின் அடியில் சேறாகவும் சில்லாகவும் சேர்வது. 60 டிகிரிக்கு மேல் போகப் போகப் படிவது வேகமாகும். குளிக்க 60 டிகிரிக்கு மேல் தேவையே இல்லை, அதனால் தெர்மோஸ்டாட் திருகு உள்ள மாடலில் அதற்கு மேல் வைக்காதீர்கள்.

எவ்வளவு சேரும் என்று ஒரு கணக்குப் போடலாம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் போர் தண்ணீர் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 50 லிட்டர் கீசர் வழியாகப் போகிறது, கடினத்தன்மையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளேயே படிகிறது என்றால், நாளைக்கு 2 கிராம், வருடத்துக்கு 730 கிராம். கிட்டத்தட்ட முக்கால் கிலோ சுண்ணாம்பு, ஒரு சிறிய டேங்குக்குள். கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. அதற்கு அக்வேரியக் கடையில் கிடைக்கும் கடினத்தன்மை கிட் போதும்.

உப்புப் படிந்தால் கரண்ட் பில் ஏறும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். மின்சாரக் கீசரில் அது பெரிய விஷயம் இல்லை. எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், மேலே ஓடு படிந்திருந்தாலும் அதில் பிறக்கும் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். உண்மையான நஷ்டம் வேறு. ஓட்டைத் தாண்டிச் சூடு வெளியேறத் தாமதமாவதால் எலிமென்ட் தன் அளவுக்கு மீறிச் சூடாகி உறை வெடிக்கிறது. அப்போதுதான் கீசர் போட்டவுடன் டிரிப் ஆகிறது. இன்னொரு பக்கம், எலிமென்டுக்கும் தெர்மோஸ்டாட் குழாய்க்கும் நடுவில் உப்பு அடைத்துக்கொண்டால், தண்ணீர் சூடாவதற்கு முன்பே தெர்மோஸ்டாட் சூட்டை உணர்ந்து கரண்டை நிறுத்திவிடுகிறது.

இதைக் கடிகாரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். 2000 வாட் எலிமென்ட், 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 26 நிமிடம் எடுக்கும். 15 லிட்டருக்கு 16 நிமிடம். பச்சைத் தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசரைப் போட்டு, பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்திலேயே விளக்கு அணைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் ஏமாறுகிறது. சூடாகும்போது உள்ளே பட்பட்டென்று வெடிப்பது போலச் சத்தம் கேட்டால் படிவின் அடியில் மாட்டிய தண்ணீர் கொதிக்கிறது. ஷவர் துளைகளில் வெள்ளைத் துணுக்குகள் வந்து அடைத்தாலும் அதே கதைதான். வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தால் விஷயம் வேறு: ராடு தீர்ந்து இரும்பு கரையத் தொடங்கியிருக்கலாம், உடனே திறந்து பாருங்கள்.

வேலையைத் தொடங்குமுன்

கையில் இருக்க வேண்டியவை: அந்தக் கீசருக்கான புது ராடும் புது ரப்பர் கேஸ்கட்டும், இரண்டு ஸ்பேனர், நட்டுக்கான பாக்ஸ் ஸ்பேனர், டெஃப்லான் டேப், டெஸ்டர், முடிந்தால் மல்டிமீட்டர், இரண்டு வாளி, உறுதியான ஏணி. ராடின் நீளமும் மரையின் தடிமனும் மாடலுக்கு மாடல் மாறும். முன்கூட்டியே வாங்க முடியாவிட்டால் பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவு கேளுங்கள். கேஸ்கட்டைப் பழையதையே போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒரு முறை அமுங்கிய ரப்பர் மறுபடி சரியாக உட்காராது.

கரண்ட் வேலை பழக்கமில்லை என்றால் இதை எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். அப்போதும், "ஃபிளான்ஜை இறக்கி ராடைக் காட்டுங்க அண்ணே" என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் சர்வீஸ் என்பது பல நேரம் வெளியே துடைத்துவிட்டு, தண்ணீரை ஒரு முறை இறக்குவதோடு முடிந்துவிடும்.

தண்ணீரை இறக்குவது

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. 16 ஆம்ப் பிளக்கைப் பிடுங்கி, அந்த லைனின் எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். நேரடியாக ஒயர் கொடுத்திருந்தால் எம்சிபியை இறக்கியபின், டெஸ்டரை முதலில் கரண்ட் வரும் வேறு ஒரு பாயின்டில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் கீசரின் முனைகளில் வைக்க வேண்டும். பழுதான டெஸ்டர் எரியாமல் இருப்பதைப் பார்த்துக் கரண்ட் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்து வெந்நீர்க் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். உள்ளே இருந்த சூடு வெளியேறிவிடும், மணிக்கணக்கில் ஆறக் காத்திருக்க வேண்டாம். இப்போது கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தே வையுங்கள், உள்ளே காற்றுப் போக அது ஒன்றுதான் வழி. மூடியிருந்தால் தண்ணீர் இறங்கவே இறங்காது. மிக்ஸராக இருந்தால் கைப்பிடியை முழுக்கச் சூடு பக்கம் தள்ளி வையுங்கள். நடுவில் விட்டால் பச்சைத் தண்ணீர் மிக்ஸர் வழியாகவே திரும்பி கீசருக்குள் ஏறும், வாளி மேல் வாளியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

நீலப் பக்கக் கனெக்ஷன் பைப்பைக் கழற்றினால் தண்ணீர் கொட்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். கொட்டாது. சேஃப்டி வால்வுக்குள் இருக்கும் தடுப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். வால்வில் சிறு கைப்பிடி இருந்தால் தூக்கிவிடுங்கள், துளை வழியாக மெதுவாக இறங்கும். ஆனால் நமக்கு உப்பும் வெளியே வர வேண்டும், அந்தச் சிறு துளை வழியாக அது வராது. அதனால் கைப்பிடி வழியாகப் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, வால்வையே கழற்றிவிடுவது மேல். கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் கீசரின் குழாய் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் வால்வைத் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரில் பலமாகத் திருப்பினால் குழாய் முனை டேங்கோடு சேரும் வெல்டிங் விரிசல் விடும். அதற்குப் பிறகு எந்த ராடும் உதவாது.

வால்வைக் கழற்றியதும் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். பால் போல வெளுப்பாகவும் அடியில் பொடி தங்குவதாகவும் இருந்தால் படிவு இன்னும் இளகலாக இருக்கிறது. அப்போது கனெக்ஷன் பைப்பை நேராகக் குழாய் முனையில் மாட்டி, ஆங்கிள் காக்கை முழுக்கத் திறந்து ஐந்து லிட்டர் அளவு பீறிட்டு உள்ளே போகவிடுங்கள். மூடி, பைப்பைக் கழற்றி இறக்குங்கள். அடியில் இருப்பது கலங்கி வெளியே வரும். தண்ணீர் தெளிவாக வரும் வரை இதைத் திரும்பச் செய்யலாம். வருடத்துக்கு இரண்டு முறை இப்படி அலசினால் சேறு கல்லாக இறுகாது. அடியிலேயே தனியாகத் திருகு மூடி உள்ள மாடல் என்றால் இன்னும் சுலபம். அதைத் திறந்து வைத்துக்கொண்டே ஆங்கிள் காக்கைத் திறந்து அலசலாம்.

இந்த அலசலுக்கு ஒரு எல்லை உண்டு. உள்ளே போகும் குழாய் டேங்கின் அடித்தட்டுக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீரும், இறுகிய சில்லுகளும் அந்த வழியாக வராது. எலிமென்டில் ஒட்டிய ஓட்டையும் வெறும் தண்ணீர் எடுக்காது. ராடையும் பார்க்க முடியாது. அதற்கு ஃபிளான்ஜை இறக்கித்தான் ஆக வேண்டும். கடினத் தண்ணீர் உள்ள வீட்டில் வருடத்துக்கு ஒரு முறை, நல்ல தண்ணீர் வரும் வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

ஃபிளான்ஜை இறக்குவது

கீழ் மூடியைக் கழற்றியதும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் ஒயர் உட்பட எல்லாவற்றையும் கழற்றி, தெர்மோஸ்டாட்டை அதன் குழாயிலிருந்து மெதுவாக உருவுங்கள். சில மாடல்களில் அது மெல்லிய செம்பு இழையாக இருக்கும், மடங்கினால் கெட்டுவிடும். அடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்துங்கள். மீதமிருக்கும் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் சேற்றோடு கொட்டும். அது நின்ற பிறகு ஃபிளான்ஜை நேராகக் கீழே இறக்குங்கள். ஓடு பருத்துப்போய் எலிமென்ட் வாயில் மாட்டிக்கொண்டால் இழுக்காமல், லேசாக ஆட்டி ஓட்டை உதிர்த்து இறக்க வேண்டும்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில், மூன்றாவது வருடத்தில் இருந்த 25 லிட்டர் கீசரை இப்படித் திறந்தோம். முழுக்கப் போர் தண்ணீர், புகார் என்னவோ "சீக்கிரம் ஆஃப் ஆயிடுது, சூடே இல்லை" என்பதுதான். எலிமென்டின் இரண்டு வளைவுகளுக்கும் தெர்மோஸ்டாட் குழாய்க்கும் நடுவில் இடைவெளியே தெரியாமல் உப்பு கெட்டியாக அடைத்திருந்தது. புகாருக்குக் காரணம் அதுவே. ஆனால் ராடைப் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு நெருங்கி வந்திருந்தது என்று புரிந்தது. மேல்பாதி கரையான் அரித்த குச்சி போலக் குழிகுழியாக இருந்தது. கீழ்ப்பாதியில் மெக்னீசியமே இல்லை, நடுவில் ஓடும் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் நின்றது. டேங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வெல்டிங் ஓரத்தில் இரண்டு இடத்தில் துருப்புள்ளி ஆரம்பித்திருந்தது. ஒழுகல் இன்னும் இல்லை. எலிமென்டைச் சுத்தம் செய்து, புது ராடும் கேஸ்கட்டும் போட்டு மாட்டியதும், விளக்கு 27 நிமிடத்தில் அணைந்தது. கணக்கோடு ஒத்துப் போகிறது.

ராடைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி? தடிமன் பாதிக்கும் மேல் மிச்சம், மேலே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு என்றால் நன்றாக வேலை செய்கிறது, திரும்பப் போடலாம். பாதியாக மெலிந்திருந்தாலோ, எங்காவது நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். இன்னும் ஆறு மாதம் வரும் என்று திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை, அதற்காக மறுபடி இத்தனையும் கழற்ற வேண்டும். மேலே வெள்ளை ஓடு கெட்டியாக மூடியிருந்தால், கம்பி பிரஷால் சுரண்டி உள்ளே உலோகம் தெரிகிறதா பாருங்கள். ஓடு மூடிய ராடு வேலை செய்யாது.

இரண்டு வருடம் போர் தண்ணீரில் இருந்தும் ராடு புத்தம் புதிதாக இருக்கிறதா? சந்தோஷப்படாதீர்கள். அதற்குத் தொடர்பு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மரை துருப்பிடித்துத் தளர்ந்திருக்கலாம், ராடின் ஒயர் கழன்றிருக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை ராடின் உலோகத்திலும் இன்னொன்றை ஃபிளான்ஜிலும் வைத்துப் பாருங்கள். ராடு நேராகத் தகட்டில் திருகியிருக்கும் மாடலில் ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து நன்றாக இறுக்குங்கள். ராடின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி மூடிவிடாதீர்கள். அது தொடர்பையே துண்டித்துவிடும்.

வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்பதற்காக ராடையே எடுத்துவிடச் சொல்வார்கள். சில போர் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா, ராடு கரையும்போது வரும் ஹைட்ரஜனைக் கொண்டு அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பது சரிதான். ஆனால் ராடை எடுத்தால் டேங்கின் நாட்கள் எண்ணப்படும். டேங்கை அலசி, தெர்மோஸ்டாட்டைக் கொஞ்ச நேரம் அதிகபட்சத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் துத்தநாகம் கலந்த அலுமினிய ராடு பொருந்துமா என்று கேட்டு மாற்றுங்கள்.

எலிமென்டும் டேங்கும்

எலிமென்டில் ஒட்டியதை ஸ்குரூ டிரைவரால் தட்டினால் உறை பிளக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கரைத்து அதில் எலிமென்ட் பாகத்தை மட்டும் தொங்கவிடுங்கள். நுரைத்துக்கொண்டு ஓடு இளகும். கெட்டியாக இருந்தால் சில மணி நேரம் ஆகும், கரைசலை ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு எச்சரிக்கை. ஊற வைக்குமுன் ராடைக் கழற்றிவிடுங்கள், அமிலம் உப்பைவிட வேகமாக மெக்னீசியத்தைத் தின்றுவிடும். ஒயர் மாட்டும் முனைகளில் ஈரம் படக் கூடாது. டாய்லெட் கழுவும் ஆசிட்டை எதற்காகவும் தொடாதீர்கள், அது உறையையும் சேர்த்து அரிக்கும்.

நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு மல்டிமீட்டரில் எலிமென்டின் இரண்டு முனைகளுக்கும் இடையே பாருங்கள். 2000 வாட் என்றால் 26 ஓம் பக்கம் வர வேண்டும். எந்த முனையிலிருந்தும் ஃபிளான்ஜுக்குத் தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் உறை உடைந்திருக்கிறது, அதை மாட்டாதீர்கள், புது எலிமென்ட் போடுங்கள்.

டேங்கின் வாய் வழியாகக் கையையோ மரக் கரண்டியையோ விட்டு அடியில் கிடக்கும் சில்லுகளை வாரி எடுங்கள். இரும்புக் கருவி வேண்டாம், கண்ணாடிப் பூச்சு கீறும். கீறிய இடத்தில்தான் அடுத்த துரு ஆரம்பிக்கும். கேஸ்கட் உட்காரும் விளிம்பைத் துணியால் துடைத்து, ஒரு துணுக்கு உப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டுவது

புது கேஸ்கட்டோடு ஃபிளான்ஜை ஏற்றி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரப்பர் சாய்ந்து அந்தப் பக்கம் கசியும். சேஃப்டி வால்வின் மரையில் டேப் சுற்றி, மேலே போட்டிருக்கும் அம்புக்குறி கீசரை நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். ஒயர்களை இன்னும் கொடுக்க வேண்டாம்.

வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்க, ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறங்கள். முதலில் காற்றுச் சீறும், அப்புறம் விட்டுவிட்டுத் தண்ணீர் வரும், கடைசியில் சீராக ஓடும். சீராக ஓடினால்தான் டேங்க் உச்சி வரை நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். குழாயை மூடி, கால் மணி நேரம் கழித்து ஃபிளான்ஜ் விளிம்பை டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டையும் ஒயர்களையும் படத்தைப் பார்த்து மாட்டி, எர்த்தை இழுத்துச் சோதித்து, மூடியைப் போட்டுவிட்டுக் கரண்டு கொடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் போட்டாலும் எலிமென்ட் எரிந்துபோகும், ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் முறை முழுக்கச் சூடாகி அணைந்ததும் ஃபிளான்ஜ் பக்கம் சொட்டுகிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். சொட்டினால் கரண்டை எடுத்து, ஆறவிட்டு, நட்டுகளை லேசாக இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். சொட்டு ஃபிளான்ஜிலிருந்தோ குழாய் முனைகளிலிருந்தோ இல்லாமல் வெளிக்கூட்டின் ஓரத்திலிருந்து வந்தால், டேங்கே ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்கு மேல் அந்தக் கீசருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ராடு மாற்றிய தேதியை மார்க்கரால் கீழ் மூடியின் மேலேயே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் திறக்கும்போது ராடில் கால்வாசி மட்டும் கரைந்திருந்தால், உங்கள் தண்ணீருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பாதிக்கும் மேல் போயிருந்தால், வருடா வருடம் மாற்ற வேண்டிய தண்ணீர் அது.